கடிதம் போட்டு, கோல் எடுத்து யாவாரம்: உண்மையா எத்தினை பேர் அதால வந்தவை எண்டு கணக்குப் பாக்கிறது எப்பிடி

விசுவமடுவில, பரந்தன் முல்லைத்தீவு றோட்டுக் கரையில, மாமாவுக்கு இறைப்பு மெசின் திருத்திற கடை ஒண்டு இருக்கு. மாரி முழுக்க கடையில ஈ ஆடாது, பிறகு பங்குனி சித்திரையில கச்சானுக்கும் மிளகாய்க்கும் இறைப்புத் தொடங்கினாப்போல எல்லாரும் ஒரே நாளில மெசினைக் கொண்டுவந்து இறக்கிப்போட்டு "இண்டைக்கே வேணும்" எண்டு நிப்பினம். மாமா கேட்டது இவ்வளவுதான், இந்தச் சனத்தை ஒரு மாசம் முந்தி வரப்பண்ண ஏலாதோ, வந்தா வேலையும் பரவலா நடக்கும், வேற கடைக்குப் போறவையும் எங்களிட்ட வருவினம் எண்டு. நான் பேஸ்புக்கில போடுவம் எண்டன், மனுசன் சிரிச்சுப்போட்டு "உடையார்கட்டில மிளகாய்த் தோட்டம் செய்யிற ஐயா பேஸ்புக் பாத்தே பிளக் மாத்த வரப்போறார்" எண்டார். அப்பதான் கடிதமும் கோலும் எண்டு முடிவெடுத்தது. இங்கிலீசில டிரெக்ட் மெயில், டெலிமார்க்கெட்டிங் எண்டு சொல்லுறது இதைத்தான்.

போன மாசி கடைசியில இருந்து சித்திரை வருசப்பிறப்புக்கு முன்னம் வரைக்கும் ஆறு கிழமை நடத்தினனாங்கள். எப்பிடிச் செய்தம், எவ்வளவு போச்சு, எவ்வளவு வந்தது எண்டு எல்லாத்தையும் எழுதிறன். ஆனா கடிதம் எழுதிறதை விட கணக்குப் பாக்கிறதுதான் இதில கஸ்டமான பங்கு, நாங்களும் முதல் பிழையாத்தான் கணக்குப் பாத்தனாங்கள், அதால அந்தப் பக்கத்துக்குத்தான் கூட இடம் குடுத்திருக்கிறன்.

லிஸ்ட்

எல்லாத்துக்கும் முதல் ஆருக்கு அனுப்பப் போறம் எண்ட லிஸ்ட். எட் மேயர் எண்ட அமெரிக்கர் ஒரு கணக்குச் சொல்லுவார், கடித யாவாரத்தில வெற்றியில 40 வீதம் லிஸ்ட், 40 வீதம் நீங்கள் குடுக்கிற சலுகை, மிச்சம் 20 வீதம்தான் எழுத்தும் படமும் எண்டு. அதை அளந்து சொன்ன கணக்கா எடுக்கத் தேவையில்லை, அனுபவத்தில சொன்னது, ஆனா போக்கு சரி. எங்கட ஆக்கள் தலைகீழா செய்யிறது, நோட்டீசுக்கு கலர் எது எண்டு ரெண்டு நாள் சண்டை பிடிச்சுப்போட்டு, கடைசியில கண்ட கண்ட வீட்டு கேற்றுக்குள்ள எறிஞ்சுபோட்டு வாறது. எறிஞ்சா அது நோட்டீஸ், பேர் எழுதி அனுப்பினாத்தான் டிரெக்ட் மெயில்.

எங்களிட்ட மூண்டு வருசத்துப் பில் புத்தகம் கிடந்தது. அதில இருந்த பில்லுகளை ஒரு கொப்பியில ஆள் ஆளாச் சேத்து எழுத 640 பேர் வந்தினம். ஒரே ஆள் மூண்டு விதமா எழுதுப்பட்டிருக்கும், ஒருக்கா முழுப்பேர், ஒருக்கா வீட்டுப்பேர், ஒருக்கா "தேவிபுரம் சிவப்பு மோட்டச்சைக்கிள் அண்ணை". போன் நம்பரை வைச்சுத்தான் ஒண்டாக்கினனாங்கள், நம்பர் ஒண்டெண்டா ஆள் ஒண்டு. பிறகு விலாசம் இல்லாதவை, நம்பர் இல்லாதவை, ஊர் விட்டுப் போனவை, கடைசி ரெண்டு மாசத்துக்குள்ள மெசின் திருத்தினவை எண்டு 140 பேரைக் கழிச்சம். ரெண்டு மாசத்துக்குள்ள திருத்தினவருக்கு திரும்ப "சேவிஸ் செய்யுங்கோ" எண்டு கடிதம் போனா அவர் நினைக்கிறது, அப்ப போனமுறை நீங்கள் ஒழுங்காச் செய்யேல்லையோ எண்டுதான். மிச்சம் 500 பேர்.

இஞ்ச ஒரு விசயம், வன்னியில லிஸ்ட் செய்யிற ஆக்கள் கட்டாயம் பாக்க வேணும். பில்லில இருக்கிற பேருக்குரிய ஆள் இப்ப இல்லாமல் இருக்கலாம். நாங்கள் ஒரு வீட்டுக்குக் கோல் எடுத்து ஐயாட்டக் குடுங்கோ எண்டு கேட்க, அவர் மோசம் போய் எட்டு மாசம் எண்டு அம்மா சொன்னா. போனைப் பிடிச்சிருந்தது மச்சாள், அதுக்குப் பிறகு அண்டைக்கு ஒரு கோலும் எடுக்க அவவால ஏலாமல் போச்சு. அடுத்த நாளே லிஸ்டை ஊர் ஊராப் பிரிச்சு, அந்தந்த ஊரில பழக்கமான ஒராளிட்ட, கமக்கார அமைப்பில இருக்கிறவையிட்டத்தான் கூடுதலா, வாசிச்சுக் காட்டி சரிபாத்தனாங்கள். ஒரு ஊருக்கு பத்து நிமிசம் கூடப் போகாது. பெண்கள் தனியத் தோட்டம் பாக்கிற வீடுகள் இஞ்ச நிறைய, அந்த வீட்டுக்கு அம்மாவின்ர பேரிலதான் கடிதம் போகோணும்.

மூண்டாப் பிரிக்கிறது

500 பேருக்கும் கடிதம் அனுப்பிப்போடாதைங்கோ. மாமா இதுக்கு சம்மதிக்கவே இல்லை, "வாற ஆளை ஏன்டா வராதை எண்டு விடுறாய்" எண்டு ஏசினவர். ஆனா ஆரையாவது சும்மா விட்டாத்தான், கடிதம் போகாட்டியும் எத்தினை பேர் வந்திருப்பினம் எண்டு தெரியும்.

லிஸ்டை முதல் ஊர் வாரியா அடுக்கினம், தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, வள்ளிபுனம், தேவிபுரம், புதுக்குடியிருப்பு எண்டு. பிறகு மேல இருந்து 1, 2, 3, 4, 5, திரும்ப 1, 2, 3, 4, 5 எண்டு நம்பர் போட்டுக்கொண்டு போனது. 1, 2 விழுந்தவைக்கு கடிதம் மட்டும், 200 பேர். 3, 4 விழுந்தவைக்கு கடிதமும் பிறகு கோலும், 200 பேர். 5 விழுந்த 100 பேருக்கு ஒண்டுமில்லை. இப்பிடி எண்ணினா ஒவ்வொரு ஊரும் மூண்டு பங்கிலயும் சமனா விழும். "நல்ல கஸ்டமர்களுக்கு கோல் எடுப்பம், மற்றவைக்கு கடிதம் போதும்" எண்டு நீங்களாப் பிரிச்சா பிறகு கணக்கு ஒண்டும் சரிவராது, ஏனெண்டா நல்ல கஸ்டமர் கோல் எடுக்காட்டியும் வருவார், அந்தப் பேரைக் கோல் தட்டிக்கொண்டு போயிடும்.

சலுகையும் செலவும், அனுப்ப முன்னமே

சலுகை: சித்திரை வருசத்துக்கு முன்னம் மெசினைக் கொண்டுவந்து சேவிஸ் செய்தா பிளக் சும்மா. சேவிசில எங்களுக்கு, ஓயில், வோசர், வேலை செய்யிற பொடியன்ர கூலி எல்லாம் கழிச்சு வழமையா நிக்கிறது 2,200 ரூபா. பிளக் எங்களுக்கு 400 ரூபா முடியும், அப்ப சலுகையில வாற ஒரு ஆளால நிக்கிறது 1,800.

கடிதம் ஒண்டுக்கு முத்திரை 50. முந்தி 15 ரூபாவா இருந்தது, 2022 ஆவணியில ஒரே அடியா 50 ஆக்கினவை, அண்டையோட சும்மா கண்டபாட்டுக்கு கடிதம் போடுற காலம் முடிஞ்சுது. பிரிண்ட் 12, என்வலப் 8, விலாசம் எழுதின பிள்ளைக்கு 5. எல்லாமா 75 ரூபா.

இந்த ரெண்டு நம்பரும் கையில இருந்தா, ஒரு கடிதமும் தபாலில போட முன்னமே, எத்தினை பேர் வந்தா போட்ட முதல் திரும்பும் எண்டு பாக்கலாம்:

```
முதல் திரும்புற வீதம் = ஒரு கடிதச் செலவு ÷ ஒரு ஆளால நிக்கிற காசு × 100
                     = 75 ÷ 1,800 × 100 = 4.17%
```

அதாவது 200 கடிதத்துக்கு 9 பேராவது, கடிதத்தால மட்டும், வரோணும். நூறு ரூபா லாபம் நிக்கிற சாமானை விக்கிறதுக்கு கடிதம் போட்டா இதே கணக்கில 75 வீதம் பேர் வாங்கோணும், அது நடக்காது. அதால பலசரக்குக் கடைக்காரர் இதில இறங்க வேண்டாம், ஒரு ஆளால ஆயிரத்துக்கு மேல நிக்கிற யாவாரத்துக்குத்தான் இது சரிவரும்.

கடிதம்

ஒரு பக்கம், பெரிய எழுத்து. எங்கட கடிதம் இதுதான்:

"வணக்கம் (பேர்) ஐயா / அம்மா,

(மாசம், வருசம்) நீங்கள் எங்களிட்ட உங்கட 2 இஞ்சி இறைப்பு மெசினைத் திருத்தினீங்கள். மாரியில ஓடாமல் கிடந்த மெசினில பழைய பெற்றோல் காபரேற்றருக்குள்ள பிசின் பிடிச்சிருக்கும், இறைப்புத் தொடங்கிற நாளில ஸ்டார்ட் வராது. பங்குனி 30க்குப் பிறகு எங்களிட்ட கியூ, மூண்டு நாலு நாள் செல்லும்.

சித்திரை வருசத்துக்கு முன்னம் கொண்டுவந்தா சேவிசோட புது பிளக் இலவசம். இந்தக் கடிதத்தைக் கொண்டு வாங்கோ, கொண்டுவர மறந்தா பேரைச் சொல்லுங்கோ.

எங்கட கடை நம்பரில இருந்து உங்களுக்கு ஒரு கோல் வரும். நம்பர் கீழ இருக்கு. வேண்டாமெண்டா அந்த நம்பருக்கு ஒரு மிஸ்கோல் விடுங்கோ, எடுக்க மாட்டம்."

கடைசிப் பந்தி கோல் எடுக்கிற பங்குக்கு மட்டும், மற்றதில அது இல்லை. கடிதத்தின்ர மூலையில சின்னதா ஒரு நம்பர், லிஸ்டில அந்த ஆளின்ர வரிசை நம்பர்தான். அந்த நம்பர் இல்லாட்டி வந்தவர் எந்தப் பங்கு எண்டு பிறகு தேடி அலையோணும்.

என்வலப்பில விலாசம் கையால எழுதினது. அச்சடிச்ச லேபல் ஒட்டின கடிதத்தைக் கண்டா இஞ்ச சனம் லீசிங் கொம்பனி எண்டு நினைச்சு ஒளிச்சு வைக்கும், இது பகிடி இல்லை. விலாசத்தில வீட்டு நம்பர் இல்லாத இடங்களில ஊர், றோட்டு, பக்கத்தில இருக்கிற கோயில் இல்லாட்டி பள்ளிக்கூடம், அதோட தகப்பன்ர பேர். தபாற்காரருக்கு தகப்பன்ர பேர் தெரிஞ்சா ஆளைப் பிடிச்சிடுவார். பின்பக்கம் கடை விலாசம் கட்டாயம், அது இல்லாட்டி போய்ச் சேராத கடிதம் எத்தினை எண்டு உங்களுக்குத் தெரியவே வராது. எங்களுக்குத் திரும்பி வந்தது, கடிதம் மட்டும் போன பங்கில 14, கோலோட சேந்த பங்கில 16.

நேரம் முக்கியம். காலபோக நெல்லு வெட்டி, வித்து, கையில காசு புழங்கிற கிழமைகளில கடிதம் போகோணும். மார்கழியில அனுப்பினா வெள்ளத்துக்குள்ள நிக்கிற ஆளுக்கு இறைப்பைப் பற்றிச் சொல்லுறமாதிரி.

கோல்

கடிதம் போட்டு ஆறாம் நாளில இருந்து கோல். அதுக்கு முன்னம் எடுத்தா கடிதம் போய்ச் சேந்திராது, பத்து நாள் கழிச்சு எடுத்தா கடிதம் அடுப்புக்குள்ள போயிருக்கும்.

இஞ்ச தெரியாத நம்பரை ஆரும் எடுக்காயினம். லோன் காசு கேட்டு வாற கோல், "உங்களுக்கு பரிசு விழுந்திருக்கு" எண்டு ஏமாத்திற கோல், இப்பிடிப் பட்டுப் பட்டு சனம் கெட்டிக்காரராப் போட்டுது. கடிதத்தில நம்பரைப் போட்டு "இதில இருந்து கோல் வரும்" எண்டு சொன்னது அதுக்குத்தான், ஒரு ஐயா அந்த நம்பரை பேரனைக்கொண்டு போனில பதிஞ்சு வைச்சிருந்தவர். ஒரே நம்பரில இருந்துதான் எல்லாக் கோலும், ரெண்டு சிம் மாத்தி மாத்தி எடுக்கப்படாது.

பின்னேரம் ஆறரையில இருந்து எட்டு மணி வரைக்கும் எடுத்தம். காலமை தோட்டத்தில நிப்பினம், மத்தியானம் படுப்பினம், எட்டுக்குப் பிறகு எடுத்தா ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதோ எண்டு பயப்படுவினம். வெள்ளிக்கிழமை கோயில் நாள், விட்டிட்டம். ஒரு ஆளுக்கு மூண்டு தரம் எடுத்துப் பாக்கிறது, வேற வேற நாளில, அதுக்கு மேல இல்லை.

மச்சாள் கதைச்சது இந்த மாதிரி:

"வணக்கம் ஐயா, விசுவமடு மோட்டர் கடையில இருந்து கதைக்கிறன். ஒரு நிமிசம் கதைக்கலாமோ?"

"ஆர் பிள்ளை? ஓ, அந்தக் கடிதம் போட்ட ஆக்களோ."

"ஓம் ஐயா. மெசின் இப்ப ஸ்டார்ட் வருதோ, இழுத்துப் பாத்தனீங்களோ?"

"அது கொட்டிலுக்க கிடக்கு, இன்னும் இழுத்துப் பாக்கேல்லை."

"இழுத்துப் பாருங்கோ ஐயா. வராட்டி கொண்டு வாங்கோ, வருசத்துக்கு முன்னம் எண்டா பிளக் நாங்கள் போட்டுத் தருவம். எந்தக் கிழமை வசதி எண்டு சொன்னா எழுதி வைக்கிறன், வந்து நிக்கத் தேவையில்லை."

கடைசி வசனம்தான் வேலை செய்தது. "வாங்கோ" எண்டா ஓம் எண்டுபோட்டு வரமாட்டினம், எந்தக் கிழமை எண்டு கேட்டு எழுதி வைச்சா வருவினம். வேண்டாம் எண்டு சொன்னவையை உடன ஒரு தனித்தாளில எழுதி, அந்த நம்பருக்கு திரும்ப எப்பவும் எடுக்கிறேல்லை. இலங்கையில 2022ம் ஆண்டின் 9ம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, விளம்பரச் செய்தி அனுப்ப ஆளின்ர சம்மதம் வேணும், வேண்டாமெண்டு காசு செலவில்லாமல் விலகிக்கொள்ள வழி இருக்கவேணும் எண்டு அது சொல்லுது. நாங்கள் இப்ப புதுப் பில் புத்தகத்தில கீழ ஒரு பெட்டி அடிச்சிருக்கிறம், "கடிதம், கோல் மூலம் அறிவிக்கலாம்: ஓம் / இல்லை", ஆளே அடையாளம் போட்டுக் கையெழுத்து வைக்கிறது. வேற கடைக்காரரிட்ட நம்பர் லிஸ்ட் காசுக்கு வாங்கிற யோசினை ஆருக்கும் இருந்தா விட்டிடுங்கோ, சம்மதமும் இல்லை, எடுக்கிற ஆளுக்கு உங்களைத் தெரியவும் தெரியாது.

கோலில நடந்தது: 200 நம்பரில 38 வேலை செய்யேல்லை இல்லாட்டி வேற ஆள். மிச்சம் 162 இல 110 பேரோட கதைக்க முடிஞ்சுது. அந்த 110 இல 46 பேர் வாறன் எண்டவை, 9 பேர் இனி எடுக்காதைங்கோ எண்டவை, மற்றவை பாப்பம் எண்டவை. வாறன் எண்ட 46 இல உண்மையா வந்தது 24. இதை ஏன் சொல்லுறன் எண்டா, கோல் எடுக்கிற ஆளுக்கு "வாறன்" எண்ட எண்ணிக்கைக்கு காசு குடுக்காதைங்கோ, எங்கட சனம் மூஞ்சைக்கு நேர இல்லை எண்டு சொல்லாது, "வாறன்" எண்டது மரியாதைக்குச் சொல்லுற சொல்லும்தான். மச்சாளுக்கு மணித்தியாலத்துக்கு 300 ரூபாப்படி 12 மணித்தியாலம், 3,600. போன் காசு 900. கோல் செலவு 4,500.

கணக்கு

ஆறு கிழமை முடிய, சேவிசுக்கு வந்த ஒவ்வொரு ஆளையும் லிஸ்டோட ஒப்பிட்டுப் பாத்தம். கடிதம் கொண்டுவந்தவையை மட்டும் எண்ணப்படாது, பாதிப் பேருக்கு மேல கடிதத்தை வீட்டில விட்டிட்டுத்தான் வந்தவை, நம்பரையும் பேரையும் வைச்சுத்தான் பிடிச்சது. அதோட சும்மா விட்ட 100 பேரில ஆர் வந்தது எண்டும் எழுதோணும், அவை ஒரு கடிதமும் கொண்டுவரமாட்டினம் எண்டபடியா மறந்துபோறது லேசு.

வந்தது: கடிதம் மட்டும் போனதில 17 பேர். கடிதமும் கோலும் போனதில 36 பேர். சும்மா விட்டதில 4 பேர்.

வழமையா எல்லாரும் போடுற கணக்கு இது:

```
ரெஸ்பொன்ஸ் ரேட் = வந்தவை ÷ போய்ச் சேந்த கடிதம் × 100
கடிதம் மட்டும்   = 17 ÷ (200 − 14) × 100 = 9.1%
கடிதம் + கோல்   = 36 ÷ (200 − 16) × 100 = 19.6%
```

இதைப் பாத்திட்டு நாங்கள் துள்ளிக் குதிச்சம். முதல் திரும்ப 4.17 வீதம் போதும், எங்களுக்கு கடிதத்திலயே 9.1. கடிதம் மட்டும் போன பங்கில 17 பேரால 30,600 ரூபா, செலவு 15,000, அப்ப 15,600 லாபம் எண்டு மாமா ரீ வாங்கித் தந்தவர்.

பிறகு கொப்பியைத் திரும்பப் பாக்கேக்கதான் பிழை விளங்கினது. ஒண்டும் அனுப்பாத 100 பேரில 4 பேர் தாங்களா வந்திருக்கினம். அப்ப கடிதம் போன 200 பேரிலயும் ஒரு 8 பேர் எப்பிடியும் வந்திருப்பினம், கடிதம் அவையைக் கூட்டிக்கொண்டு வரேல்லை. இந்த 8 ஐக் கழிக்கேக்க ஒரு நுணுக்கம் இருக்கு, இஞ்ச திரும்பி வந்த கடிதத்தைக் கழிக்கப்படாது, 200 ஆலதான் பிரிக்கோணும். ஏனெண்டா சும்மா விட்ட 100 பேருக்குள்ளயும் ஊர் மாறினவை, விலாசம் பிழையானவை அதே அளவில இருப்பினம், அவைக்கு கடிதம் போடாதபடியா எங்களுக்கு அவையைத் தெரியாது. ஒரு பக்கம் கழிச்சு மற்றப் பக்கம் கழிக்காட்டி தராசு ஒரு பக்கம் சரியும். போய்ச் சேந்ததால பிரிக்கிற ரேட் கடிதம் எவ்வளவு இழுத்தது எண்டு பாக்க, அனுப்பினதால பிரிக்கிற ரேட் லாபம் பாக்க. ரெண்டையும் குழப்பாதைங்கோ.

```
கடிதம் மட்டும்:  17 ÷ 200 = 8.5%    8.5 − 4 = 4.5%   → கூட வந்தது 9 பேர்
கடிதம் + கோல்:  36 ÷ 200 = 18%     18 − 4 = 14%     → கூட வந்தது 28 பேர்
```

இன்னும் ஒண்டு. எப்பிடியும் வரவிருந்த அந்த 8 பேரும் கடிதத்தைக் காட்டி பிளக்கைச் சும்மா வாங்கிக்கொண்டு போட்டினம். அவை முழுக்காசு குடுத்திருப்பினம். அது 8 × 400 = 3,200 ரூபா, எங்கட கையில இருந்து போனது.

கடிதம் மட்டும்: கூட வந்த 9 பேரால 16,200. கடிதச் செலவு 15,000, பிளக் நட்டம் 3,200. மிச்சம் 2,000 ரூபா நட்டம். ரீ வாங்கித் தந்த லாபம் 15,600 எங்க, இது எங்க.

கடிதமும் கோலும்: கூட வந்த 28 பேரால 50,400. கடிதம் 15,000, கோல் 4,500, பிளக் 3,200. மிச்சம் 27,700 ரூபா லாபம்.

அதே கடிதம்தான், அதே ஊர்தான். கோலுக்குப் போன 4,500 ரூபா இன்னும் 19 பேரைக் கொண்டுவந்திருக்கு. கடிதத்தை வாசிச்சுப்போட்டு "பாப்பம்" எண்டு கூரைக்க செருகி வைச்ச ஆக்களுக்குத்தான் கோல் வேலை செய்தது எண்டு நான் நினைக்கிறன், கதைச்சவையில நிறையப் பேர் "ஓம் கடிதம் கிடக்கு, வரத்தான் இருந்தனான்" எண்டுதான் சொன்னவை.

இந்த நம்பரை எவ்வளவு நம்பலாம்

17 எண்டு வந்தது 13 ஆயும் இருந்திருக்கலாம், 22 ஆயும் இருந்திருக்கலாம், அந்தக் கிழமை மழை பெய்ததோ, ஆருக்கும் செத்தவீடோ எண்டதிலயே நாலு பேர் மாறும். இதுக்கு ஒரு சுகமான வழி இருக்கு, வந்த எண்ணிக்கையின்ர வர்க்கமூலத்தை எடுத்து ரெண்டால பெருக்கி, அவ்வளவு மேலயும் கீழயும் போகலாம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. முழுசா சரியான புள்ளிவிபரக் கணக்கு இல்லை, ரேட் சின்னனா இருக்கேக்க கடைக் கொப்பிக்குப் போதும்.

17 இன்ர வர்க்கமூலம் கிட்டத்தட்ட 4, ரெட்டிப்பு 8, அப்ப 9 இல இருந்து 25 வரைக்கும். 36 இன்ர வர்க்கமூலம் 6, ரெட்டிப்பு 12, 24 இல இருந்து 48 வரைக்கும். சும்மா விட்டதில 4, வர்க்கமூலம் 2, ரெட்டிப்பு 4, பூச்சியத்தில இருந்து 8, அதை 200 பேருக்கு மாத்தினா பூச்சியத்தில இருந்து 16.

இப்ப பாருங்கோ, சும்மா விட்டது 0–16, கடிதம் மட்டும் 9–25, ஒண்டின் மேல ஒண்டு ஏறிக் கிடக்கு. அதால கடிதம் மட்டும் நட்டமோ லாபமோ எண்டு என்னால அடிச்சுச் சொல்ல ஏலாது, 2,000 ரூபா நட்டம் எண்டது ஒரு ஊகம்தான், அதேமாதிரி பெரிய லாபம் எண்டும் சொல்ல ஏலாது. கடிதமும் கோலும் 24–48, அது சும்மா விட்டதை விட்டு முழுசா விலகி நிக்குது, அதை நம்பலாம். 50 கடிதம் போட்டு 3 பேர் வந்திட்டினம், 6 வீதம் எண்டு சொல்லுற ஆக்களுக்கு இதே கணக்கைப் போட்டுக் காட்டுங்கோ, 3 இன்ர வர்க்கமூலம் 1.7, ரெட்டிப்பு 3.4, அதாவது பூச்சியத்தில இருந்து 6 பேர் வரைக்கும் எதுவும் நடந்திருக்கலாம்.

நாங்கள் விட்ட பிழைகள்

பெரிய பிழை, கோல் மட்டும் எடுத்து கடிதம் போடாத ஒரு பங்கு வைக்கேல்லை. அதால இப்ப 75 ரூபா கடிதம் உண்மையா தேவையோ, இல்லாட்டி கோல் மட்டும் எடுத்திருந்தாலும் அந்த 36 பேர் வந்திருப்பினமோ எண்டு தெரியாது. கடிதத்தில நம்பர் இருந்தபடியாத்தான் கோலை எடுத்தவை எண்டு மச்சாள் சத்தியம் பண்ணுறா. நானும் அப்பிடித்தான் நம்பிறன், ஆனா எண்ணிப் பாத்த விசயம் இல்லை.

மற்றது சும்மா விட்ட பங்கை 100 ஆச் சுருக்கினது. மாமாவின்ர ஏச்சுக்குப் பயந்து செய்த வேலை, அதாலதான் 4 எண்ட சின்ன நம்பரில எல்லாக் கணக்கும் தொங்கிக்கொண்டு நிக்குது, அது 6 ஆ இருந்திருந்தா லாபம் எல்லாம் வேறமாதிரி வந்திருக்கும்.

மூண்டாவது, ஆறு கிழமையோட எண்ணிக்கையை நிப்பாட்டினது. சித்திரைக்குப் பிறகு சும்மா விட்ட பங்கில இருந்து கொஞ்சப் பேர் வந்தினம், கடிதம் போன பங்கில இருந்து வாறது குறைஞ்சு போச்சு. அப்ப கடிதம் புது ஆக்களைக் கொண்டுவந்ததோ, பிந்தி வரவிருந்தவையை முந்தி வரப்பண்ணினதோ எண்ட கேள்வி இருக்கு. மாமாவுக்கு ரெண்டும் ஒண்டுதான், கியூ குறைஞ்சாச் சரி, ஆனா லாபக் கணக்குக்கு அது ஒண்டில்லை. வாறமுறை வைகாசி முடியுமட்டும் எண்ணப் போறம்.

வாற மாசிக்கு லிஸ்ட் 600 ஆகும். 150 பேருக்கு கடிதமும் கோலும், 150 பேருக்கு கடிதம் மட்டும், 150 பேருக்கு கோல் மட்டும், 150 பேர் சும்மா. கோல் மட்டும் போற பங்குக்கு முதல் நாள் அதே நம்பரில இருந்து ஒரு எஸ்எம்எஸ், "நாளைக்கு பின்னேரம் விசுவமடு மோட்டர் கடையில இருந்து கோல் வரும்" எண்டு. பிளக்குக்குப் பதிலா என்ன குடுக்கிறது எண்டு இன்னும் சண்டை நடக்குது, மாமா ஓயில் எண்டுறார், நான் ஒண்டும் குடுக்காமல் கிழமையை மட்டும் பதிஞ்சு குடுப்பம் எண்டுறன்.